சூரியன் முதுகுக்குப் பின்னால்: ஒரு கடற்கரைப் படத்துக்கான தூண்டுரையை அமைத்தல்

சொற்களைப் படமாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் "தூத்துக்குடிக் கடற்கரையில் சூரியன் மறையும் காட்சி" என்று மட்டும் கேட்டாலும் ஒரு படம் வந்துவிடும். ஆனால் அந்தப் படத்தில் கேட்டவர் தாமே முடிவு செய்தவை ஊரும் பொழுதும் மட்டுமே. பார்ப்பவர் எங்கே நிற்கிறார், எந்தத் திசையை நோக்குகிறார், ஒளி எப்பக்கமிருந்து விழுகிறது, கரையில் என்ன கிடக்கிறது, அது எவ்வளவு அருகில் தெரிகிறது என்பன போன்ற மற்ற முடிவுகள் எல்லாவற்றையும் மென்பொருளே எடுத்திருக்கும். இவ்வாறு மென்பொருளுக்கு எழுதித் தரப்படும் விவரிப்பைத் தூண்டுரை அல்லது பிராம்ப்ட் என்பர். தெளிவான தூண்டுரை என்பது நீளமான தூண்டுரையோ அழகான சொற்கள் நிறைந்த தூண்டுரையோ அன்று. மென்பொருளின் போக்குக்கு விட்டுவிடக் கூடாத முடிவுகளை எழுதுபவரே எடுத்து, ஒன்றோடொன்று முரண்படாமல் அடுக்கிக் கொடுத்த தூண்டுரையே தெளிவானது. இதனை விளக்கத் தூத்துக்குடிக் கடற்கரை பொருத்தமான களம். ஏனெனில் மென்பொருள் தானாக எடுக்கும் முதல் முடிவே இங்குத் தவறாகிவிடுகிறது.

மென்பொருள் தானாக எடுக்கும் முடிவுகள்

இம்மென்பொருளின் உள்ளே இயங்கும் கணிதக் கட்டமைப்பை மாதிரி என்பர். இணையத்திலிருந்து திரட்டப்பட்ட படங்களையும், அவற்றுடன் வலைப்பக்கங்களில் எழுதிவைக்கப்பட்டிருந்த சிறு விவரிப்புகளையும் இணை இணையாகக் கொடுத்து மாதிரியைப் பயிற்றுவிக்கின்றனர். 2022 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்னும் மாதிரிக்கு லயான்-5பி என்ற தொகுப்பின் பகுதிகள் பயன்பட்டன. அத்தொகுப்பு முழுவதிலும் ஏறத்தாழ 585 கோடி இணைகள் உண்டு. அந்த விவரிப்புகளில் பெரும்பாலானவை சில சொற்களே கொண்டவை என்பதும், கடற்கரை மாலையைப் படம் பிடிப்பவர் கடலில் இறங்கும் சூரியனுக்கு நேரெதிரே நின்று படம் பிடிப்பதே வழக்கம் என்பதும் ஒன்றுசேர்ந்து, அந்திப்பொழுது என்ற சொல்லும் கடற்கரை என்ற சொல்லும் அருகருகே வந்தாலே தொடுவானத்தின் நடுவில் சிவந்த வட்டம், நீரில் அதன் பொன்னிறக் கோடு, முன்னால் கருநிழலாய் ஒரு மரம் அல்லது படகு என்ற அமைப்பை மாதிரிக்குப் பழக்கமாக்கிவிடுகின்றன.

படம் உருவாகும் முறையும் இப்பழக்கத்தை வலுப்படுத்துகிறது. மாதிரி வெற்றுத் தாளில் வரையத் தொடங்குவதில்லை; ஒழுங்கற்ற வண்ணப் புள்ளிகள் நிறைந்த பரப்பை எடுத்துக்கொண்டு, தூண்டுரைக்குப் பொருந்தாத புள்ளிக் கலக்கத்தைப் பல படிகளில் சிறிது சிறிதாக நீக்குகிறது. அந்தக் கலக்கத்தை இரைச்சல் என்றும், இம்முறையைப் பரவல் முறை என்றும் கூறுவர். தொடக்கப் படிகளிலேயே தொடுவானம் எங்கே, வெளிச்சப் பகுதி எங்கே, இருண்ட பகுதி எங்கே என்ற பெரும் அமைப்பு உறுதியாகிவிடுகிறது. பிந்தைய படிகள் மணலின் சொரசொரப்பு, வலையின் கண்ணி போன்ற நுண்விவரங்களையே சேர்க்கின்றன. ஆகவே பார்வைத் திசையும் ஒளித் திசையும் தூண்டுரையில் சொல்லப்படாவிட்டால், எத்தனை நுண்விவரங்களைப் பின்னர்ச் சேர்த்தாலும் படத்தின் எலும்புக்கூடு மாதிரியின் பழக்கப்படியே அமைந்துவிடும்.

முதல் முடிவு: நிற்கும் இடமும் நோக்கும் திசையும்

தூத்துக்குடி மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்குக் கரையில் நின்று கடலைப் பார்ப்பவர் கிழக்கு நோக்கியே நிற்கிறார். சூரியன் கடலிலிருந்து எழுமேயன்றிக் கடலில் இறங்காது. மறையும் இடம் ஆண்டு முழுவதும் நேர்மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 24 பாகை வரையிலும் தெற்கே அதே அளவும் நகர்ந்தாலும், அது எப்போதும் ஊருக்கும் உப்பளங்களுக்கும் பின்னால்தான் இருக்கும். எனவே கோவாவிலோ கேரளத்துக் கோவளத்திலோ இயல்பாக அமையும் காட்சி, தூத்துக்குடிக்கென்று கேட்கப்படும்போது புவியியல் பிழையாகிவிடுகிறது. தூண்டுரையில் ஊர்ப்பெயரை எழுதுவதால் மட்டும் இப்பிழை நீங்குவதில்லை, ஏனெனில் ஊர்ப்பெயரை அறிந்த மாதிரிக்குக்கூட அவ்வூரின் கடல் எத்திசையில் உள்ளது என்ற கணக்கைப் போட்டுப் பார்க்கும் கடமை இல்லை.

எழுதுபவர் முன் இப்போது மூன்று வழிகள் உள்ளன. சூரிய வட்டம் கண்டிப்பாகப் படத்தில் இருக்க வேண்டுமென்றால், பார்ப்பவரைக் கடலுக்குள் கொண்டுசென்று மேற்கு நோக்கித் திருப்ப வேண்டும்: துறைமுகத்துக்கு வெளியே மிதக்கும் படகிலிருந்து பார்த்தால் பாரந்தூக்கிகளும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் கருநிழலாக எழும்ப, அவற்றுக்குப் பின்னால் சூரியன் இறங்கும், இடையில் நீர் இருப்பதால் பொன்னிறக் கோடும் கிடைக்கும். நீரில் சூரியன் பிரதிபலிக்க வேண்டும், ஆனால் கடல் தேவையில்லை என்றால், உப்பளத்தின் வரப்பில் நின்று மேற்கே பார்க்கலாம்; பாத்திகளில் தேங்கிய ஆழமற்ற நீர் அலையின்றி இருப்பதால் அங்குப் பிரதிபலிப்பு கோடாக நீளாமல் வட்டமாகவே தெரியக்கூடும். கடலும் கரைப் படகும்தான் முக்கியம் என்றால் பார்ப்பவர் கரையிலேயே நின்று கிழக்கை நோக்க வேண்டும். அப்போது சூரியன் அவருடைய முதுகுக்குப் பின்னால், படத்துக்கு வெளியே இருக்கும். பழக்க அமைப்பிலிருந்து மிகவும் விலகியதும், தூத்துக்குடிக் கரையில் நிற்பவர் நாள்தோறும் உண்மையில் காண்பதும் இம்மூன்றாவது காட்சியே என்பதால் அதனையே இங்கு முழுமையாக வளர்த்தெடுக்கலாம்.

இரண்டாம் முடிவு: ஒளி

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது படகு கருநிழலாகத் தெரியாது. அதன் கரை நோக்கிய பக்கம் முழுவதும் மஞ்சள் கலந்த செவ்வொளி பட்டு, வண்ணப்பூச்சின் விரிசல்கூடத் துலங்கும். நிழல்கள் பார்ப்பவரை நோக்கி வராமல், அவரைவிட்டு விலகிக் கடலை நோக்கி நீளும். மறைவுக்கு ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு முன் சூரியன் தொடுவானத்திலிருந்து 5 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது சமதரையில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப்போல் 11 மடங்குக்கும் சற்று அதிகமாக இருக்கும், அதாவது ஒரு மீட்டர் உயரமுள்ள படகின் விளிம்பு 11 மீட்டர் நிழலை வீழ்த்தும். கடலில் பொன்னிறக் கோடு இருக்காது, ஏனெனில் அக்கோடு சூரியன் இருக்கும் திசையில் மட்டுமே தோன்றும். கிழக்கு வானமும் சிவந்து எரியாது. வெளிறிய நீலமாகவே இருக்கும்.

சூரியன் மறைந்த சில நிமிடங்களுக்குப் பிறகு அதே கிழக்கு வானம் வேறொரு தோற்றம் கொள்கிறது. வானம் தெளிவாக இருந்தால், தொடுவானத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்றும், அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் தெரியும். கீழே உள்ள பட்டை வளிமண்டலத்தின்மீது விழும் பூமியின் நிழல். மேலே உள்ளது, அந்நிழலுக்கு மேலுள்ள காற்றில் இன்னும் பட்டுத் திரும்பிவரும் செவ்வொளி. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் இத்தோற்றம் விரைவில் மேலெழுந்து கரைந்துவிடும்.

தொடக்கநிலையினர் செய்யும் பிழை இங்குதான் நேர்கிறது. நீண்ட நிழல், படகின்மேல் செவ்வொளி, இளஞ்சிவப்புப் பட்டை, பூமியின் நிழல் என இரண்டு பத்திகளிலும் பிடித்தவற்றையெல்லாம் ஒரே தூண்டுரையில் சேர்த்துவிடுவது எளிது. ஆனால் நிழல் விழ நேரடி வெயில் வேண்டும். பூமியின் நிழல் கிழக்கே எழும்போது கரையில் நேரடி வெயில் இல்லை. இரண்டும் அரைமணி நேர இடைவெளிக்குள் நிகழ்ந்தாலும் வெவ்வேறு கணங்களுக்கு உரியவை. மாதிரி இம்முரணைச் சுட்டிக்காட்டாது; இரண்டையும் கலந்து, எக்கணத்துக்கும் பொருந்தாத ஒளியுடன் ஒரு படத்தைத் தரும், பார்ப்பவர்க்குக் காரணம் புலப்படாமலே அது செயற்கையாகத் தோன்றும். ஆகவே "மாலை" என்ற பொதுச்சொல்லின் இடத்தில் மறைவுக்கு முந்தைய கணமா, பிந்தைய கணமா என்ற முடிவு வர வேண்டும். படகே முதன்மைப் பொருள் என்பதால், பூச்சையும் மரத்தையும் துலக்கிக் காட்டும் முந்தைய கணத்தை இங்குத் தேர்ந்துகொள்ளலாம்.

மூன்றாம் முடிவு: பொருளும் அதன் காலமும்

தூத்துக்குடிக் கரையில் வள்ளம், தோணி, விசைப்படகு, ஃபைபர் படகு எனப் பலவகைக் கலங்கள் உண்டு. மாலத்தீவு வரை சரக்கு ஏற்றிச் சென்ற தோணியும் கரையோர மீன்பிடிப்புக்குச் செல்லும் வள்ளமும் அளவிலும் வடிவிலும் முற்றிலும் வேறானவை. இப்பெயர்களோடு விவரிக்கப்பட்ட படங்கள் பயிற்சித் தொகுப்புகளில் மிகக் குறைவாகவே இருக்கக்கூடும் என்பதால், பெயரை மட்டும் கொடுத்தால் மாதிரி பொதுவான ஒரு துடுப்புப் படகையோ கேரளத்துப் படகுவீட்டையோ கொண்டு இடத்தை நிரப்பிவிடலாம். பெயருக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை எழுதுவதே இதற்கு வழி: நீண்டு ஒடுங்கிய, மேல்தளம் இல்லாத, பலகைகளால் ஆன மரப்படகு, நீலப்பூச்சு வெளுத்தது, முன்முனையில் பச்சை வலைக் குவியல். ஊரின் பெயரும் இவ்வாறே பொருள்களாக மாற வேண்டும்; தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களை எழுதினால், துறைமுகத்தை ஒட்டிய கரை என்பது ஊர்ப்பெயரைவிடத் தெளிவாகப் படத்தில் பதியும்.

பொருளுக்குக் காலமும் உண்டு. இக்கடற்கரை முத்துக்குளிப்பால் பெயர்பெற்றது என்பதால் "அந்திவேளையில் முத்துக்குளிப்பவர்கள்" என்று கேட்கத் தோன்றலாம். ஆனால் மன்னார் வளைகுடாவின் பழைய முத்துக்குளிப்பில் படகுகள் நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்றைப் பிடித்துப் புறப்பட்டு, விடியும்போது முத்துச்சிப்பிப் பார்களை அடையும். பகல் வெளிச்சத்தில் மூழ்கிச் சிப்பி எடுத்த பின், பிற்பகலில் கடற்காற்றின் துணையோடு கரை திரும்பும். பொழுது சாயும் நேரத்தில் கடலில் எவரும் மூழ்கிக்கொண்டிருக்கமாட்டார்; கரையில்தான் சிப்பிக் குவியல்களும் அவற்றைச் சூழ்ந்த கூட்டமும் இருக்கும். தவிர, தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல் என்பதால், அக்காட்சியில் ஃபைபர் படகோ பின்புறம் பொருத்திய மோட்டாரோ இடம்பெறக் கூடாது. எக்காலம் என்று சொல்லாத தூண்டுரைக்கு மாதிரி இக்காலத்தையும் அக்காலத்தையும் கலந்தே விடை தரும்.

முடிவுகளைத் தூண்டுரையாக அடுக்குதல்

மேலே எடுத்த முடிவுகளை முதலில் தமிழில், ஒரு வரிசைக்கு ஒரு செய்தி என்ற முறையில் எழுதிக்கொள்வது நல்லது. அப்போதுதான் எந்த வரிசை வெறுமையாக உள்ளது, எந்த வரிசை மற்றொன்றோடு முரண்படுகிறது என்பது கண்ணில் படும்.

பார்வை: மணற்கரையில் கண் உயரத்திலிருந்து, கடலை நோக்கி.
முதன்மைப் பொருள்: ஒரே ஒரு நீண்ட ஒடுங்கிய மரப்படகு, இடப்பக்க முன்னணியில், வெளுத்த நீலம், முன்முனையில் பச்சை வலை.
ஒளி: பார்ப்பவரின் பின்னாலிருந்து வரும் தாழ்ந்த செவ்வொளி, கடலை நோக்கி நீளும் நிழல்.
பின்னணி: அமைதியான கடல், வெளிறிய நீல வானம், தொலைவில் இரு சிறு சரக்குக் கப்பல்கள்.
வகை: நிழற்படம், அகலவாக்கில்.

இதனை எந்த மொழியில் கொடுப்பது என்பது மாதிரியைப் பொறுத்தது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள் தூண்டுரையை எண்களாக மாற்ற, 2021இல் வெளியான கிளிப் என்னும் மாதிரியின் மொழிப்பகுதியைப் பயன்படுத்தின. அது ஆங்கில விவரிப்புகளைக் கொண்டே பயிற்றப்பட்டது. அது உரையை டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக வெட்டிப் படிக்கும்; தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் உட்பட 77 துண்டுகளே அதன் எல்லை. ஆங்கிலத்தின் பொதுச்சொல் ஒன்று பெரும்பாலும் ஒரே துண்டாக அமைய, தமிழ்ச்சொல் ஒன்று பல துண்டுகளாகச் சிதறிவிடுவதால், தமிழ்த் தூண்டுரை பொருள் புரியாமலும் பாதியில் வெட்டுப்பட்டும் போகும். பெரிய மொழிமாதிரிகளோடு இணைக்கப்பட்ட பிற்காலச் சேவைகள் பல தமிழையும் ஏற்கின்றன. எல்லாவற்றிலும் பயன்படுத்தத்தக்க சுருங்கிய வடிவம் இவ்வாறு அமையும்:

```
Eye-level photo from a sandy shore facing the sea,
one long narrow open wooden boat at left, faded blue paint,
green fishing net on its bow, low warm light from behind
the camera, long shadows toward the water, calm sea,
pale blue sky, two small cargo ships far away
```

இத்தூண்டுரையில் சூரியனைக் குறிக்கும் சொல்லோ அந்திப்பொழுதைக் குறிக்கும் சொல்லோ எங்கும் இல்லை என்பது கவனத்துக்குரியது. அவற்றில் ஒன்றைச் சேர்த்தால் பழக்க அமைப்பு உள்ளே நுழைந்து, வட்டத்தைக் கடலின்மேல் வைத்துவிடும். "சூரியன் இல்லாமல்" என்று எழுதுவதும் பயன் தருவதில்லை. கிளிப் போன்ற மொழிப்பகுதிகள் மறுப்பைச் சரிவரக் கையாளாமல், மறுக்கப்பட்ட பொருளையே பற்றிக்கொள்வதுண்டு. வேண்டாதவற்றைக் குறிக்கத் தனிக்கட்டம் தரும் மென்பொருள்களில் அக்கட்டத்தில் மட்டும் அச்சொற்களை எழுதலாம். மிட்ஜர்னியில் `--no sun` என்று இறுதியில் சேர்ப்பதும் அவ்வகையே. அத்தகைய வசதி இல்லாதபோது, அங்கே என்ன இருக்க வேண்டும் என்பதை, அதாவது வெளிறிய நீல வானத்தை, நேராக எழுதுவதே வழி.

கிடைத்த படத்தைச் சோதித்தலும் திருத்தலும்

படம் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது நிழல்களையே. சூரியன் பின்னால் இருந்தால், படகு, வலை, மணல்மேடு ஆகிய ஒவ்வொன்றின் நிழலும் கடற்பக்கமாகச் சென்று, நீட்டிப் பார்க்கும்போது தொலைவில் ஒரே இடத்தை நோக்கிக் குவிய வேண்டும். ஒரு நிழல் பக்கவாட்டிலும் மற்றொன்று பார்ப்பவரை நோக்கியும் விழுந்தால் ஒளி வரிசையை மாதிரி பின்பற்றவில்லை என்று பொருள். அடுத்து, படகின் இருபுறமும் தொடுவானக் கோடு ஒரே உயரத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இடையில் ஒரு பொருள் மறைக்கும்போது கோடு ஒருபுறம் ஏறியும் மறுபுறம் இறங்கியும் போவது இம்மாதிரிகளில் அடிக்கடி காணப்படும் குறை. சூரியன் இல்லாத கடலில் பொன்னிறக் கோடு மின்னினால், பழைய பழக்கம் ஏதோ ஒரு சொல்லின் வழியே நுழைந்திருக்கிறது. "செவ்வொளி" என்பதைப் படகின் பக்கத்தோடு மட்டும் சேர்த்து எழுதினால் அது பெரும்பாலும் விலகும்.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரு வரிசையை மட்டும் மாற்ற வேண்டும். தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் எண்ணை விதை எண் என்பர். பல மென்பொருள்களில் அதனை மாறாமல் நிறுத்திவைக்கலாம். விதை எண் மாறினால் தூண்டுரை மாறாவிட்டாலும் படம் மாறும் என்பதால், அதனை நிறுத்தாமல் செய்யும் ஒப்பீட்டில் எந்த மாற்றம் சொல்லால் வந்தது, எது தற்செயலால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. விதை எண்ணை நிறுத்தி, ஒளி வரிசையை "நிழலற்ற மென்மையான ஒளி, தொடுவானத்தில் சாம்பல்நீலப் பட்டை, அதற்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டை" என்று மாற்றினால் சூரியன் மறைந்த பின்னுள்ள காட்சிக்குச் செல்லலாம், அவ்வாறு மாற்றும்போது நீண்ட நிழல் என்ற குறிப்பும் வெளிறிய நீல வானம் என்ற குறிப்பும் நீங்க வேண்டும் என்பதை வரிசைப் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும்.

தூண்டுரையால் தீராத குறைகளும் உண்டு. கப்பல்கள் இரண்டு என்று எழுதியும் மூன்று வரலாம். இடப்பக்கம் என்பது வலப்பக்கமாகலாம். நீலம் படகை விட்டு வலைக்குத் தாவலாம். எண்ணிக்கை, இடவலம், எந்தப் பண்பு எந்தப் பொருளுக்குரியது என்பவை இம்மாதிரிகளின் அறியப்பட்ட பலவீனங்கள். புதிய மாதிரிகளில் இவை குறைந்துள்ளனவேயன்றி மறையவில்லை. வேறு விதை எண்களில் சில படங்களை எடுத்துத் தேர்ந்துகொள்வதோ, படத்தின் அப்பகுதியை மட்டும் மீண்டும் வரையச் செய்வதோ இவற்றுக்கான வழி. ஆனால் தூத்துக்குடி வள்ளத்தின் பலகை இணைப்பும் முனை வளைவும் உள்ளபடியே வேண்டும் என்றால், சொற்களைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, அவ்வள்ளத்தின் நிழற்படம் ஒன்றை மேற்கோள் படமாகச் சேர்த்துக் கொடுப்பதே பொருந்தும்.